முதல் சேல்ஸ் வேலை: ஆஃபருக்குச் சரி சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை

என் சித்தி மகன் போன வருஷம் பி.காம். முடித்துவிட்டு கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டிருந்தான். ஒரு பயிற்சி நிறுவனத்தில் பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிகியூட்டிவ் வேலை கிடைத்தது. இரண்டு இன்டர்வியூ, மறுநாளே ஆஃபர். "அண்ணா, மாசம் 35,000 வரைக்கும் வருமாம், திங்கட்கிழமையே சேரச் சொல்றாங்க"என்று போன் பண்ணினான். சனிக்கிழமை சாயங்காலம் அது. அந்த 35,000-இல் 'வரைக்கும்' என்ற சொல் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, ஃபிக்ஸட் 18,000, மீதி இன்சென்டிவ் என்று மட்டும் சொன்னான். திங்கட்கிழமை சேர வேண்டாம், வியாழன் வரை டைம் கேள் என்றேன். அந்த நான்கு நாளில் அவன் கேட்ட கேள்விகளும் அவனுக்குக் கிடைத்த பதில்களும்தான் இந்தக் கட்டுரை. கூடவே பதினோரு வருஷம் இந்தத் தொழிலில் இருந்து நான் கற்றுக்கொண்டதும் வரும்.

சேல்ஸ் வேலையில் மற்ற வேலைகளுக்கு இல்லாத ஒன்று உண்டு. சம்பளத்தின் ஒரு பகுதி நீங்கள் விற்பதைப் பொறுத்தது, நீங்கள் விற்பதோ பாதிக்குமேல் உங்கள் கையில் இல்லாத விஷயங்களைப் பொறுத்தது. யாரிடம் விற்கச் சொல்கிறார்கள், லீட் என்று சொல்லும் அந்தப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன, டார்கெட்டை யார் எந்தக் கணக்கில் போட்டார்கள் என்பதெல்லாம் நீங்கள் சேர்வதற்கு முன்பே முடிவாகிவிட்டவை. அதனால் இவற்றைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

எப்போது, யாரிடம் கேட்பது

முதல் போன் காலில், எச்.ஆர். பேசும்போதே எல்லாவற்றையும் கேட்காதீர்கள். அவர்களுக்குப் பல நேரம் பதில் தெரியாது. வேலை நேரம், ஃபிக்ஸட் எவ்வளவு, வாரம் எத்தனை நாள் என்பது போதும். லீட், டார்கெட் பற்றிய கேள்விகளை யாருக்குக் கீழே வேலை செய்யப்போகிறீர்களோ அந்த மேனேஜரிடம் இன்டர்வியூவின் கடைசியில் கேளுங்கள். அவர்களே "ஏதாவது கேட்கணுமா?"என்று கேட்பார்கள். நிறைய பேர் அந்த இடத்தில் "இல்ல சார்"என்று எழுந்துவிடுகிறார்கள். நானே பலரை வேலைக்கு எடுத்திருக்கிறேன், லீட் எங்கிருந்து வருகிறது என்று கேட்ட பையனை ஒருநாளும் தப்பாக நினைத்ததில்லை. வாடிக்கையாளரிடமும் இப்படித்தான் கேட்பான் என்றுதான் தோன்றும்.

ஆஃபர் வந்த பிறகு, சரி சொல்வதற்கு முன்னால் இருக்கிற இரண்டு மூன்று நாள்தான் உங்களுக்கு மிகவும் பலமான நேரம். உங்களை எடுப்பது என்று முடிவு செய்துவிட்டார்கள், நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அப்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: "சேர்றதுக்கு முன்னாடி ஒரு அரை நாள் டீமோட உட்கார்ந்து பார்க்கலாமா சார்?" நல்ல இடத்தில் பெரும்பாலும் சரி என்பார்கள். கூடாது என்று சொல்பவர்கள் எல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை, வாடிக்கையாளர் விவரம் இருக்கிற இடத்தில் வெளியாளை உட்கார வைக்க முடியாதுதான். அப்படியானால் டீமில் இருக்கும் யாராவது ஒருவரிடம் பத்து நிமிஷம் போனில் பேச வைக்கச் சொல்லுங்கள். ஒரு வருஷத்துக்குள் சேர்ந்தவராக இருக்கட்டும். ஸ்டார் பெர்ஃபார்மரிடம் பேசினால் அவருடைய கதைதான் தெரியும், உங்கள் கதை தெரியாது.

லீட் எங்கிருந்து வருகிறது

நான் முதல் வேலையில் சேர்ந்த நாளில் டீம் லீடர் என் மேஜையில் ஒரு கட்டு ஏ4 தாள் வைத்தார். இருநூறு பெயர், போன் நம்பர். "இது உங்க டேட்டா, இன்னைக்கு நூறு கால்."தாளைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நீல மையில் ஒரு குறிப்பு, கறுப்பு மையில் ஒன்று, பென்சிலில் ஒன்று. 'ஆர்.என்.ஆர்.', அதாவது மணி அடித்தும் எடுக்கவில்லை, 'கால் பேக்', 'நாட் இன்ட்ரெஸ்டட்'. மூன்று பேர் ஏற்கெனவே கூப்பிட்டு விட்டுப்போன லிஸ்ட் அது. நான்காவது ஆள் நான். எனக்கு முன்னால் அந்த மூன்று பேரும் எங்கே போனார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அன்று எடுத்தவர்களில் பாதிப்பேர் "எத்தனை தடவைம்மா கூப்பிடுவீங்க"என்று கத்தினார்கள், நான் ஆண் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை, அந்த அளவுக்கு வெறுத்துப்போயிருந்தார்கள். எனக்கு விற்கத் தெரியவில்லை என்று நினைத்து இரண்டு மாதம் தூக்கம் கெட்டது. லிஸ்ட் செத்துப்போனது என்று புரிய மூன்றாவது மாதம் ஆயிற்று.

"லீட் தருவீங்களா?"என்று கேட்டால் எல்லோரும் தருவோம் என்றுதான் சொல்வார்கள். கேள்வியை உடைத்துக் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு எனக்கு எத்தனை லீட் வரும்? அதில் தானாக விசாரித்தவர்கள் எத்தனை பேர், அதாவது வெப்சைட்டில் ஃபார்ம் நிரப்பியவர், விளம்பரம் பார்த்துக் கூப்பிட்டவர், நேரில் வந்தவர்? பழைய விசாரணையைத் திரும்பக் கூப்பிடுவது எத்தனை? வெளியிலிருந்து வாங்கிய லிஸ்ட் எத்தனை? நானே தேடிப் பிடிக்க வேண்டியது எத்தனை? அப்புறம், இதைவிட முக்கியமான ஒன்று: புதிதாகச் சேர்ந்தவருக்கும் சீனியருக்கும் லீட் ஒரே மாதிரி பிரியுமா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை உன்னிப்பாகக் கேளுங்கள். பல இடங்களில் நல்ல லீட் சீனியருக்குப் போகும், புதியவருக்குப் பழைய டேட்டா. நிறுவனத்தின் பக்கம் அதற்கு நியாயம் இருக்கிறது, காசு செலவு செய்து வரவழைத்த விசாரணையை நன்றாக முடிப்பவர் கையில் கொடுக்கத்தான் நினைப்பார்கள். ஆனால் லீட்டை இப்படிப் பிரித்துவிட்டு டார்கெட்டை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகப் போட்டால், புதியவர் ஓட்டத்தைப் பாதி தூரம் பின்னால் நின்று தொடங்குகிறார்.

என் தம்பி கேட்டதற்கு மேனேஜர் நேராகவே பதில் சொன்னார், அதற்கு அவரை மதிக்கிறேன். மாதம் 25 வேலை நாள், நாளைக்கு 12 லீட், ஆக 300. அதில் தானாக விசாரித்தவர்கள் ஏறக்குறைய 60. மீதி 240 பழைய டேட்டாவும் கல்லூரிகளில் சேகரித்த லிஸ்ட்டும். "கன்வெர்ஷன் எங்ககிட்ட அஞ்சு பர்சன்ட் சார்"என்றும் சொன்னார். ஐந்து சதவீதம் எந்த லீட்டில் என்று திருப்பிக் கேட்கச் சொன்னேன். தானாக விசாரித்தவர்களில்தான் நூற்றுக்கு ஐந்து, டேட்டாவில் இருநூறு பேரைக் கூப்பிட்டால் ஒருவர் சேர்வார் என்று வந்தது பதில்.

வாங்கிய லிஸ்ட்டும் உங்கள் சொந்த சிம்மும்

போனில் விற்கிற வேலை என்றால் எந்த நம்பரிலிருந்து கூப்பிடப் போகிறோம் என்று கேட்டே ஆக வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி விளம்பர அழைப்புகள் பதிவு செய்த நிறுவனத்திடமிருந்து, 140 என்று தொடங்கும் நம்பரில் வர வேண்டும். சாதாரணப் பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து, கேட்காதவர்களை விற்பனைக்குக் கூப்பிடுவது விதிமீறல். 2025-இல் இதை இன்னும் இறுக்கினார்கள். பத்து நாளுக்குள் ஐந்து புகார் சேர்ந்தாலே அந்த நம்பர் மேல் நடவடிக்கை எடுக்கலாம், முதல் தடவை 15 நாளுக்கு வெளியே கால் போகாது, மறுபடி நடந்தால் எல்லா நெட்வொர்க்கிலும் ஒரு வருஷத்துக்குத் துண்டிப்பு.

ஆகவே "உங்க போன்லயே கூப்பிடுங்க, ரீசார்ஜ் காசு கொடுத்துடுவோம்"என்று ஒரு இடத்தில் சொன்னால், அதுவும் விலைக்கு வாங்கிய லிஸ்ட் என்றால், பறிபோகப் போவது உங்கள் பேரில் இருக்கும் நம்பர். பேங்க் ஓ.டி.பி., ஆதார், அம்மா அப்பா கூப்பிடுவது எல்லாம் அதில்தான் இருக்கிறது. நிறுவனத்தின் பேரில் சிம் தருவார்களா, கம்ப்யூட்டர் வழியாகக் கூப்பிடும் டயலர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே மறுக்கலாம்.

டார்கெட்டைத் தலைகீழாகக் கணக்குப் போடுங்கள்

இது பத்து நிமிஷ வேலை. ஒரு தாளும் பேனாவும் போதும். டார்கெட் எவ்வளவு, ஒரு விற்பனையின் சராசரி மதிப்பு எவ்வளவு, லீட்டில் எத்தனை விற்பனையாக மாறும், இன்சென்டிவ் எங்கே தொடங்கும். இந்த நான்கும் தெரிந்தால் போதும்.

தம்பியின் ஆஃபரில் மாத டார்கெட் 4 லட்சம். கோர்ஸ் கட்டணம் சராசரி 40,000. அப்படியென்றால் மாதம் பத்து அட்மிஷன். இன்சென்டிவ் டார்கெட்டில் 70 சதவீதத்தைத் தொட்டால்தான் தொடங்கும், அதாவது ஏழு அட்மிஷன். ஆறு முடித்தால் ஒரு ரூபாயும் இல்லை. இப்போது லீட் பக்கம் வருவோம். தானாக விசாரித்த 60 பேரில் நூற்றுக்கு ஐந்து என்றால் மூன்று அட்மிஷன். டேட்டா 240-இல் இருநூறுக்கு ஒன்று என்றால் ஒன்று, நல்ல மாதமாக இருந்தால் இரண்டு. மொத்தம் நான்கு. 1,60,000 ரூபாய், டார்கெட்டில் 40 சதவீதம்.

யாரும் சோம்பேறித்தனம் பண்ணாமல், சராசரி ஆளாக வேலை செய்தாலே வருவது நாற்பதுதான். எழுபதைத் தொட அவன் சராசரியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு திறமையாக இருக்க வேண்டும், அதுவும் முதல் வேலையில், முதல் மாதத்திலிருந்தே. ஆகவே அந்த 35,000 அவனைப் பொறுத்தவரை 18,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. போகக் கையில் வருவது 17,000-க்கும் குறைவு. அந்தச் சம்பளம் போதுமா, அதில் கோவையில் ரூம் வாடகை கொடுத்துவிட்டு இருக்க முடியுமா என்று யோசித்து முடிவெடுப்பது வேறு, 35,000 என்று நம்பிப் போய் சேர்வது வேறு. நான் எல்லோரிடமும் சொல்வது: ஆறு மாதத்துக்கு இன்சென்டிவே வராது என்று வைத்துக்கொண்டு ஃபிக்ஸட்டில் வாழ முடியுமா பாருங்கள்.

இன்சென்டிவ் பற்றி இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது. பணம் எப்போது வரும்? அட்மிஷன் ஆன மாதமேவா, வாடிக்கையாளர் முழுக் கட்டணமும் கட்டிய பிறகா? வாடிக்கையாளர் நடுவில் கேன்சல் செய்து பணம் திரும்ப வாங்கினால், ஏற்கெனவே தந்த இன்சென்டிவைப் பிடிப்பார்களா? தவணையில் விற்கிற எல்லா இடத்திலும் இந்த இரண்டாவது கேள்வி பெரிது. மார்ச்சில் வாங்கிய இன்சென்டிவை ஜூன் சம்பளத்தில் கழித்தார்கள் என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டீம் எவ்வளவு முடித்தது என்பது கேள்வி இல்லை

"டீம் எப்படிப் போகுது சார்?"என்று கேட்டால் ஒரு நல்ல எண் வரும். தம்பிக்கு வந்தது: "போன மாசம் டீம் 75 பர்சன்ட் தாண்டிட்டோம்."கேட்க நன்றாக இருக்கிறது. ஒன்பது பேர், ஆளுக்கு 4 லட்சம், மொத்தம் 36 லட்சத்தில் 27 லட்சம் சொச்சம்.

இதற்கு அடுத்து கேட்க வேண்டியது, "ஒன்பது பேர்ல எத்தனை பேர் சார் டார்கெட் முடிச்சாங்க? எத்தனை பேருக்கு இன்சென்டிவ் வந்துச்சு?" மேனேஜர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினாராம். எல்லா சேல்ஸ் ஆபீஸிலும் அந்தப் பலகை இருக்கும், பெயரும் எதிரே எண்ணும். இன்டர்வியூ அறைக்குப் போகும் வழியில் அதைக் கவனியுங்கள். அன்று பலகையில் இருந்தது இப்படி: இரண்டு சீனியர், ஒருவர் 20 அட்மிஷன், இன்னொருவர் 18. மற்ற ஏழு பேர் வரிசையாக 8, 6, 5, 4, 3, 2, 2.

ரூபாயில் பார்த்தால் அந்த இரண்டு பேர் மட்டும் 15 லட்சத்துக்கு மேல். மீதி ஏழு பேரும் சேர்ந்து 12 லட்சம், சராசரி 43 சதவீதம். தாளில் போட்ட கணக்கில் வந்த நாற்பதும் பலகையில் இருந்த இந்த நாற்பத்து மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நின்றபோது எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. டார்கெட் முடித்தவர் இரண்டு பேர். இன்சென்டிவ் வாங்கியவர் மூன்று பேர். ஒன்பது பேரையும் வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்கும் ஐந்தாவது ஆள் செய்தது 2 லட்சம், பாதி டார்கெட். டீமின் மொத்த சதவீதத்தைப் பார்க்காதீர்கள், அந்த நடுவில் நிற்கும் ஆளைப் பாருங்கள், நீங்கள் வரப்போவது ஏறக்குறைய அவர் இடத்துக்குத்தான்.

ஒரு மாதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதும் உண்மை. பயிற்சி நிறுவனத்துக்கு மே, ஜூன் நல்ல மாதம், ஏ.சி. விற்பவருக்குக் கோடைக்காலம், துணிக்கடைக்கும் வண்டி ஷோரூமுக்கும் தீபாவளி. அதனால் கடைசி ஆறு மாதத்தில் எத்தனை மாதம் எத்தனை பேர் என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு மேல் பெரும்பாலான மாதங்களில் டார்கெட்டைத் தொடுகிறார்கள் என்றால் அந்த டார்கெட்டை யோசித்துப் போட்டிருக்கிறார்கள். ஒன்பதில் இரண்டு என்றால், மற்ற ஏழு பேரும் லாயக்கில்லாதவர்கள் என்று அர்த்தமில்லை, எண் தப்பாகப் போடப்பட்டிருக்கிறது.

"அது உங்க திறமையைப் பொறுத்தது", "வானமே எல்லை", "இங்க ஒருத்தர் மாசம் ஒரு லட்சம் வாங்குறார்". எண் கேட்டதற்கு இப்படி வார்த்தை வந்தால், இன்னொரு தடவை பணிவாகவே கேளுங்கள். இரண்டாவது தடவையும் எண் வராவிட்டால், சொல்ல விருப்பமில்லாத எண் என்று எடுத்துக்கொள்ளலாம். சேல்ஸ் மேனேஜருக்குத் தன் டீமின் எண் தெரியாமல் இருக்காது, தினமும் காலையில் அதைத்தான் பார்க்கிறார்.

ஆள் நிற்கிறார்களா

"அட்ரிஷன் எவ்வளவு?", அதாவது நூற்றுக்கு எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள், அதற்கு வரும் சதவீதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: போன வருஷம் இதே மாதம் இந்த டீமில் இருந்தவர்களில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? இந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நான் வரப்போகும் இடத்தில் இருந்தவர் எங்கே போனார்?

தம்பிக்குக் கிடைத்த பதில், பழையவர்கள் மூன்று பேர், வருஷத்தில் சேர்ந்தவர்கள் 14, அதில் இருப்பவர்கள் ஆறு. ஒன்பது நாற்காலிக்கு ஒரே வருஷத்தில் 14 பேர் வந்திருக்கிறார்கள், எட்டுப் பேர் போய்விட்டார்கள். சேல்ஸில் ஆள் மாறுவது வழக்கம்தான், எண்ணை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். எப்போது போனார்கள் என்பதுதான் காரணத்தைச் சொல்லும்.

முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே போகிறார்கள் என்றால், இன்டர்வியூவில் சொன்ன வேலை ஒன்று, உள்ளே இருக்கும் வேலை வேறு. ஆபீஸ் வேலை என்று சொல்லி வெயிலில் வீடு வீடாக அனுப்பியிருப்பார்கள். மூன்றாவது நான்காவது மாதத்தில் போகிறார்கள் என்றால், பயிற்சிக் காலம் முடிந்து முழு டார்கெட் தொடங்கும் இடத்தில் கழன்றுகொள்கிறார்கள், அல்லது கழற்றிவிடுகிறார்கள். இன்சென்டிவ் வரும் மாதத்தை ஒட்டிப் போகிறார்கள் என்றால், சொன்ன பணம் வரவில்லை என்று பொருள். ஒன்றரை, இரண்டு வருஷம் இருந்துவிட்டு இன்னும் பெரிய கம்பெனிக்குப் போகிறார்கள் என்றால் அது நல்ல இடம், அங்கே கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. இந்த எட்டில் ஆறு பேர் நான்கு மாதத்துக்குள் போனவர்கள் என்று டீமில் இருந்த ஒரு பெண் தம்பியிடம் சொன்னார். அவரும் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறதாம்.

நீங்களே சரிபார்க்கவும் வழி இருக்கிறது. லிங்க்ட்இனில் நிறுவனத்தின் பெயரோடு அந்தப் பதவியின் பெயரைப் போட்டுத் தேடி, முன்பு வேலை செய்தவர்கள் எத்தனை மாதம் இருந்தார்கள் என்று பத்துப் பேரைப் பாருங்கள். அதில் ஒருவருக்கு மரியாதையாக மெசேஜ் போட்டால் பெரும்பாலும் பதில் வரும், விட்டுப் போனவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். கோபத்தில் பேசுகிறாரா, நடந்ததைச் சொல்கிறாரா என்று பிரித்துக் கேட்க வேண்டியது மட்டும் உங்கள் பொறுப்பு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில் Establishment Search என்று ஒரு பக்கம் இருக்கிறது, லாகின் வேண்டாம். நிறுவனத்தின் பெயரைப் போட்டு View Payment Details பார்த்தால், மாதாமாதம் எத்தனை பேருக்கு பி.எஃப். கட்டியிருக்கிறார்கள், எந்தத் தேதியில் கட்டினார்கள் என்று தெரியும். இருநூறு பேர் கம்பெனி என்று சொல்லிவிட்டு முப்பது பேருக்குக் கட்டினால் மீதிப் பேர் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கேட்கலாம். பல மாதம் தாமதமாகக் கட்டுவதும் சம்பளம் எப்படி வரும் என்பதற்கு ஒரு அறிகுறி. ஆனால் இந்த எண்ணை வைத்து ஆள் மாறுவதைக் கண்டுபிடிக்க முடியாது, பத்துப் பேர் போய்ப் பத்துப் பேர் வந்தால் எண் அப்படியே நிற்கும். இருபது பேருக்குக் குறைவான சின்ன இடங்களுக்கு பி.எஃப். கட்டாயம் இல்லை, அங்கே பெயரே வராமல் போகலாம்.

புதிய கிளை, புதிய டீம் என்றால் பழைய கணக்கு எதுவும் இருக்காது. அப்போது, இதே நிறுவனத்தின் வேறு ஊர்க் கிளை முதல் ஆறு மாதத்தில் எவ்வளவு செய்தது, அந்த எண்ணை வைத்துத்தான் எங்கள் டார்கெட் போட்டீர்களா என்று கேளுங்கள்.

எழுத்தில் வாங்குவது

வாயில் சொன்னது மேனேஜர் மாறினால் போய்விடும், சேல்ஸில் மேனேஜர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். பெரிய ஒப்பந்தமெல்லாம் வேண்டாம், பேசி முடித்த அன்று நீங்களே ஒரு மெயில் போடுங்கள். தம்பி போட்டது இவ்வளவுதான்: "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது: ஃபிக்ஸட் 18,000, மாத டார்கெட் 4 லட்சம், 70 சதவீதத்திலிருந்து இன்சென்டிவ், அடுத்த மாதம் 15-ஆம் தேதி பட்டுவாடா. தவறு இருந்தால் சொல்லவும்."அவர்கள் சரி என்று ஒரு வரி பதில் போட்டால் போதும்.

கூடவே இரண்டு விஷயம் கேட்கச் சொன்னேன். முதல் மூன்று மாதம் டார்கெட்டைப் பாதியாக்க முடியுமா? தானாக விசாரிக்கும் லீட்டில் சீனியருக்குச் சமமான பங்கு கிடைக்குமா? முதலாவதற்கு இரண்டு மாதம் தருகிறோம் என்றார்கள். இரண்டாவதற்கு, "அது பெர்ஃபார்மன்ஸ் பார்த்துத்தான்"என்று வந்தது.

ஒரிஜினல் மார்க் ஷீட் கொடுங்கள், பயிற்சிக்கு டெபாசிட் கட்டுங்கள், ஒரு வருஷத்துக்குள் போனால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று பாண்டில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு சேல்ஸ் வேலைக்குக் கேட்டால் மேலே உள்ள எந்தக் கேள்வியும் தேவையில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

அவன் என்ன செய்தான்

வியாழக்கிழமை அந்த ஆஃபரை வேண்டாம் என்று சொன்னான். வீட்டில் சித்திக்குக் கோபம், வந்த வேலையை விடுவதா என்று என்னிடமே கேட்டார். அவருக்கு அந்தப் பலகையின் ஒன்பது எண்ணையும் எழுதிக் காட்டினேன், அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துப் பம்பு, மோட்டார் விற்கும் ஒரு விநியோகஸ்தரிடம் இன்டர்வியூ. ஃபிக்ஸட் 17,000, பெட்ரோல் தனி. முதல் ஆஃபரைவிட ஆயிரம் குறைவு. அதே கேள்விகளைக் கேட்டான். லீட்? புதிதாகத் தேட வேண்டியது கொஞ்சம், கையில் 140 கடைகள், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம். ஆட்கள்? ஐந்து பேர், நான்கு பேர் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறார்கள், அவன் வரப்போகும் இடத்தில் இருந்தவர் சொந்தமாகக் கடை வைத்துவிட்டார், இப்போது அவரும் இவர்களிடம் சரக்கு எடுக்கிறார். டார்கெட்? போன வருஷம் இதே மாதம் அந்த ரூட்டில் நடந்த விற்பனையோடு பத்து சதவீதம் கூட. ஆறு மாதத்தில் பெரும்பாலும் ஐந்தில் மூன்று பேர் தொடுகிறார்கள். ஆனால் இன்சென்டிவ் பில் போட்டதற்கு இல்லை, கடைக்காரர் பணம் கட்டிய பிறகுதான். கடன் வசூலும் அவன் வேலை.

வசூல் இருக்கிறது என்றதும், அந்த 140 கடையின் பாக்கி லிஸ்ட்டைப் பார்க்கலாமா என்று கேட்கச் சொல்லியிருந்தேன். முதலாளி கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு அங்கேயே பிரின்ட் எடுத்துக் கொடுத்தாராம். உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில் 40 கடை ஒரு வருஷமாக ஒன்றும் வாங்கவில்லை. அதில் சிலர் பழைய பாக்கியும் வைத்திருந்தார்கள். "அப்போ 140 இல்ல சார், 100 கடைதான்"என்று தம்பி சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றி லிஸ்ட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, பழைய பாக்கியை வசூலிக்கிற பொறுப்பு தன்னுடையது, அந்த 40 கடையில் எதையாவது திரும்ப வாங்க வைத்தால் அதைப் புதுக் கடைக் கணக்கில் சேர்த்துத் தனி இன்சென்டிவ் தருகிறேன் என்று அந்த லிஸ்ட்டின் ஓரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை சேர்ந்துவிட்டான்.